நெடுங்கேணியிலிருந்து வவுனியாவுக்கு ஒரு புதன்கிழமை: எட்டு வேலை, மூன்று பேர், ஒரு கடைசி பஸ்

வவுனியாவில் ஒரு மொத்த வியாபாரியின் களஞ்சியத்திலிருந்து லொறிகளை வழியனுப்புவது என் தொழில். எந்த லொறி எந்தக் கடைக்கு முதலில் போக வேண்டும், எந்தக் கடைக்காரர் பத்து மணிக்கு முன் கதவு திறக்கமாட்டார், எவர் மதியத்தில் சாமான் இறக்க விடமாட்டார் என்பதெல்லாம் பார்த்து வழி போட வேண்டும். நெடுங்கேணியில் இருக்கும் என் அக்கா, அம்மாவின் கண் கிளினிக்கோடு சேர்த்து வவுனியாவில் குவிந்துகிடந்த வேலைகளை எல்லாம் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று ஒரு பட்டியலை வாசித்தபோது, லொறிக்குப் போடுவது போலவே அவர்களுக்கும் வழி போட்டுக் கொடுத்தேன். அந்த நாளின் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊர்களும் வீதிகளும் மாறலாம். கணக்குப் போடும் முறை பெரிதாக மாறாது.

நெடுங்கேணியிலிருந்து புளியங்குளம் வந்து, ஏ9 வீதியில் ஏறி, ஓமந்தை, தாண்டிக்குளம் தாண்டி வவுனியாவுக்குள் நுழைய பஸ்ஸில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அதனால் வவுனியாவில் ஒரு வேலை தவறிப்போனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. இன்னொரு முழு நாள் போய்விடும். ஓமந்தையில் சோதனைச்சாவடி இருந்த காலத்தில் அது திறந்திருக்கும் நேரமே எல்லோருடைய நாளையும் அளந்தது. இன்று அந்த இடத்தைக் கடைசி பஸ் பிடித்திருக்கிறது. அக்கா வீட்டார் நம்பி ஏறக்கூடிய கடைசி பஸ் மாலை 5.30க்கு. கணக்கு முழுவதும் அந்த 5.30இல் தொடங்கிப் பின்னோக்கிப் போகிறது.

பட்டியலில் கழித்தவை

அக்கா வாசித்த பட்டியலில் பதினொரு வேலைகள் இருந்தன. வழி போடுவதற்கு முன்னர் மூன்றை வெட்டினேன்.

முதலாவது மோட்டார் சைக்கிளின் வருமான வரிப்பத்திரம். புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் கையில் இருந்தால் பிரதேச செயலகத்தில் அதைப் புதுப்பிக்கலாம். வவுனியா வடக்குப் பிரதேச செயலகம் இருப்பதே நெடுங்கேணியில். வீட்டுக்குப் பக்கத்தில் முடியும் காரியத்தை, "எப்படியும் ரவுனுக்குப் போகிறோமே" என்று தூக்கிக்கொண்டு வருவது நம்மில் பலருக்கு உள்ள பழக்கம். ரவுனில் செலவாகும் ஒவ்வொரு அரைமணியும் ஊரில் செலவாகும் அரைமணியைவிடப் பெறுமதியானது என்பதை அது மறந்துவிடுகிறது.

இரண்டாவது மகளின் அடையாள அட்டைக்கான படம். ஆட்பதிவுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்ரூடியோவில்தான் அதை எடுக்க வேண்டும். ஸ்ரூடியோக்காரர் படத்தை இணையத்தின் ஊடாக அனுப்பிவிட்டுப் பற்றுச்சீட்டுத் தருவார். ஆனால் மகளுக்கு அன்று பாடசாலை. படத்தில் இருக்க வேண்டிய ஆளே வராத வேலையைப் பட்டியலில் வைத்திருந்தார்கள். இடத்தையும் நேரத்தையும் எழுதுகிறவர்கள், யார் நேரில் நிற்க வேண்டும் என்பதை எழுத மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது அத்தானின் கடவுச்சீட்டு. வவுனியாவில் குடிவரவுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருப்பது பெரிய வசதிதான். இருந்தாலும் வரிசை எப்போது நகரும், எப்போது முடியும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாத வேலை அது. அப்படியான வேலை ஒன்று நாளுக்குள் நுழைந்தால் மற்ற எல்லாவற்றையும் அதன் பின்னால் நிற்க வைத்துவிடும். அம்மாவின் கிளினிக் ஏற்கெனவே அந்த இனம். ஒரு நாளில் அப்படி ஒன்றுதான் இருக்கலாம் என்பது லொறிக்கும் ஆளுக்கும் நான் வைத்திருக்கும் கட்டாய விதி.

மீதி எட்டு: அம்மாவின் கண் கிளினிக், அதே வைத்தியசாலையில் வார்டில் இருக்கும் சித்தப்பாவைப் பார்ப்பது, வங்கியில் அடகு வைத்த சங்கிலியை மீட்பது, அந்தச் சங்கிலியை நகைக்கடையில் கொடுத்து நிறை பார்த்துப் புதிய நகைக்குக் கூலி பேசுவது, தோட்டக் கிணற்று நீர்ப்பம்பியைத் திருத்தக் கொடுத்து வாங்குவது, லான்ட்மாஸ்டருக்குப் பட்டி வாங்குவது, மகளுக்குப் பயிற்சிப் புத்தகங்கள், வீட்டுக்கு மீனும் மரக்கறியும்.

இடத்தை மட்டும் பார்த்தால் என்ன ஆகும்

எட்டு வேலைகளை 40,320 விதமாக வரிசைப்படுத்தலாம். இடவாரியாகக் கட்டினால் மூன்று கட்டுகள் வருகின்றன: வைத்தியசாலை; மணிக்கூட்டுக் கோபுரச் சந்தியும் பஜார் வீதியும் சேர்ந்த கடைத்தெரு; மன்னார் வீதியில் குருமன்காட்டுப் பக்கம். மூன்று கட்டுகளுக்கு வரிசை ஆறே ஆறு. நாற்பதாயிரத்திலிருந்து ஆறுக்கு இறங்கிவிட்டதால் வேலை முடிந்துவிட்டது போலத் தோன்றும். அக்காவும் இந்த இடம் வரைக்கும் தானாகவே வந்திருந்தார். அவருடைய திட்டம் இது: காலையில் மூவரும் வைத்தியசாலைக்குப் போவது, அங்குள்ள இரண்டு வேலைகளையும் முடிப்பது, பிறகு கடைத்தெரு, கடைசியில் குருமன்காடு, அங்கிருந்து பஸ் நிலையம். வீதி வீதியாகப் பார்த்தால் ஒரு மீற்றர்கூட வீண் இல்லை.

கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். கிளினிக் பதினொன்றரைக்கு முன் முடியாது. சித்தப்பாவின் வார்டில் மதியம் பார்வையாளரை அனுமதிப்பது 12 முதல் 1 வரை. ஆகவே அரைமணி காத்திருந்து, பார்த்துவிட்டு, ஒரு மணிக்கு வெளியே வருகிறார்கள். சாப்பிடாமல் ஓடினாலும் வங்கிக்குள் நுழையும்போது 1.15. வங்கி மூன்று மணி வரை திறந்திருக்கிறது என்பதால் அக்காவுக்குக் கவலை இல்லை. ஆனால் அவருடைய கிளையின் அடகுப் பகுதி மீட்புக்கான பணத்தை 1.30 வரைதான் வாங்குகிறது. அதன் பின் பெட்டகத்திலிருந்து பொதியை எடுத்து, சீட்டோடு ஒப்பிட்டு, நிறை காட்டி ஒப்படைக்கும் வேலை இருப்பதால் முன்கூட்டியே நிறுத்திவிடுகிறார்கள். வரிசைக்கு முக்கால் மணி வைத்தால், அக்கா 12.45க்காவது வாசலில் நிற்க வேண்டும். 1.15க்குப் போனால் சங்கிலி இல்லை. சங்கிலி இல்லை என்றால் நகைக்கடை இல்லை.

பம்பியின் கதை இன்னும் மோசம். திருத்துகிற கடை மாலை ஆறு வரை திறந்திருக்கும் என்பதால் அதைக் கடைசியில் வைத்திருந்தார்கள். 5.30 பஸ்ஸுக்கு 5.10க்கு நிலையத்தில் இருக்க வேண்டும். பம்பியோடு ஓட்டோவில் வர இருபது நிமிடம் வைத்தால் 4.50க்குக் கடையை விட்டுக் கிளம்ப வேண்டும். பெயரிங்கும் நீர் கசியாமல் தடுக்கும் சீலும் மாற்ற நான்கு மணி நேரம் என்று கடைக்காரர் தொலைபேசியில் சொன்னார். அதோடு அவருடைய மதியச் சாப்பாடு ஒரு மணி. அப்படியானால் அவர் கை வைக்க வேண்டிய கடைசி நேரம் 11.50. அவருடைய மேசையில் முதலிலேயே வேறு பம்பி ஒன்று இருக்கும் என்பதையும் சேர்த்தால், பத்து மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். அக்காவின் திட்டத்தில் பம்பி அங்கே சேரும் நேரம் பிற்பகல் 3.30.

வாசலில் எழுதியிருக்கும் நேரத்தை நம்பியதால் வந்த வினை இது. நமக்குத் தேவை கடை மூடும் நேரம் அல்ல. எந்த நேரத்துக்குப் பின் போனால் வேலை நடக்காதோ அந்த நேரம். மூடும் நேரத்திலிருந்து, அல்லது நாம் கிளம்ப வேண்டிய நேரத்திலிருந்து, வேலை பிடிக்கும் நேரத்தையும் வரிசையையும் கழித்தால் அது வரும். பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் அந்த ஒற்றை எண்ணை எழுதினால், மேலோட்டமாக நாள் முழுவதும் திறந்திருப்பவை போலத் தெரிந்தவற்றில் பாதி காலையிலேயே முடிந்துபோகும். அக்காவின் எட்டில் பம்பிக்கு 10.00, வங்கிக்கு 12.45. மீனுக்கும் புத்தகத்துக்கும் பட்டிக்கும் மட்டுமே பிற்பகல் உண்மையில் திறந்திருந்தது.

அம்மாவின் இரண்டு நிபந்தனைகள்

நகைக்கடைக்கு இன்னொரு வரம்பும் இருந்தது. அது கடைக்காரர் வைத்ததல்ல.

"மூத்த பிள்ளையின் கலியாணத்துக்கு எடுக்கிற நகை. ராகு காலத்தில் கடைப்படி ஏறக்கூடாது," என்று அம்மா சொல்லிவிட்டார்.

"அம்மா, இன்று நிறை பார்ப்பது மட்டும்தானே. பொன்னுருக்குக்கு வேறு நாள் பார்த்திருக்கிறோம் அல்லவா?" என்று அக்கா கேட்டுப் பார்த்தார்.

"நிறை பார்ப்பதும் தொடக்கம்தான்."

வழி போடுகிறவனுக்கு இதில் வாதம் செய்ய ஒன்றுமில்லை. ஒரு வாடிக்கையாளர் மதியத்தில் சாமான் இறக்க விடமாட்டேன் என்றால் அதுவும் இப்படித்தான். புதன்கிழமை ராகு காலம் 12 முதல் 1.30 வரை. ஆக நகைக்கடைக்கு இரண்டு வாசல்கள் திறந்தன: பன்னிரண்டுக்கு முன், அல்லது ஒன்றரைக்குப் பின். ஒரு வேலைக்கு இப்படி இரண்டு நேரங்கள் கிடைத்தால் முதலாவதைத் திட்டத்தில் போட்டு, இரண்டாவதைக் கையில் வைத்திருக்க வேண்டும். இதே வேலையை வெள்ளிக்கிழமையில் வைத்திருந்தால் ராகு காலம் 10.30க்குத் தொடங்கி 12க்கு முடியும். அதோடு ஜும்ஆத் தொழுகைக்காக முஸ்லிம் வியாபாரிகளின் கடைகள் மூடப்படும் மதியம் வந்துவிடும். அவர்களுடைய கடையில்தான் வாங்குவதென்றால் வெள்ளிக்கிழமையில் பத்தரை முதல் ஒன்றரை வரை ஒரே இருட்டு. கடைத்தெரு வேலைகளை எந்தக் கிழமையில் வைப்பது என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது நிபந்தனையை அம்மா வைக்கவில்லை; அவருடைய கண் வைத்தது. கிளினிக்கில் கண்ணின் உட்பகுதியைப் பார்ப்பதற்காகப் பாவையை விரிக்கும் துளிமருந்து விடுவார்கள். அது விட்டபின் சில மணி நேரத்துக்குக் கிட்டத்தில் உள்ளது மங்கும், வெளிச்சம் கூசும். நான்கு, ஆறு மணி நேரம் நீடிப்பது சாதாரணம். ஆகவே மருந்து விட்ட நேரத்திலிருந்து அம்மாவோடு ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அதற்கு முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது தேவையில்லை. நம்பரை வாங்கிக் கொடுத்து, வாங்கில் இருத்திவிட்டால் கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலிருக்கும் ஆட்களோடு அவர் கதைத்துக்கொண்டிருப்பார். துணை தேவைப்படும் நேரமும் தேவைப்படாத நேரமும் பிரிந்ததும், நாள் திடீரென்று இலகுவாகியது. காலையில் ஒரு மணி நேரத்துக்கு அத்தானும் அக்காவும் இருவருமே கைப்பிடியிலிருந்து விடுபட்டார்கள்.

இனி யார் எங்கே என்பது தானாகவே தீர்ந்தது. அடகுச் சீட்டு அக்காவின் பெயரில் இருக்கிறது. அவரே அடையாள அட்டையோடு நிற்க வேண்டும். பம்பியை இரண்டு கையாலும் தூக்க வேண்டும், அதோடு திருத்துகிறவரிடம் என்ன சத்தம் வருகிறது என்று சொல்லத் தெரிந்தவர் அத்தான். ஆகவே பம்பி முடிந்ததும் அம்மாவோடு நிற்பவர் அத்தான்.

போட்ட வழி

புதிய வழியில் கடைத்தெருவுக்கும் குருமன்காட்டுக்கும் இரண்டு தடவை போக வேண்டியிருந்தது. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "ஒரே இடத்துக்கு இரண்டு தரம் ஓடுவதா? ஓட்டோக் காசு வீண்தானே, தம்பி," என்றார். இடத்தைக் கட்டாகக் கட்டுவது தூரத்தை மிச்சப்படுத்த. ஆனால் ஒரு கட்டுக்குள்ளேயே ஒரு வேலை காலையிலும் மற்றொன்று மாலையிலும் மட்டும் நடக்குமென்றால், அந்தக் கட்டை வெட்டத்தான் வேண்டும். ரவுனுக்குள் ஓட்டோவில் ஒரு தடவை கூடுதலாகப் போவதன் விலையையும், நெடுங்கேணியிலிருந்து இன்னொரு நாள் வருவதன் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியதும் ஒத்துக்கொண்டார்.

கொடுத்துவிட்டுப் பிறகு வாங்கும் வேலைகள் எல்லாவற்றுக்கும் முதலில் என்பது இதன் அடிப்படை. பம்பி கடைக்காரரின் கையில் இருக்கும் நான்கு மணி நேரம் நாம் செலவழிக்கும் நேரமல்ல. நமக்காக வேறொருவர் உழைக்கும் நேரம். அது எவ்வளவு காலையில் தொடங்குகிறதோ அவ்வளவு இலாபம். அதற்கு அடுத்தது சங்கிலிபோலக் கோத்து நிற்கும் வேலைகள்: வங்கி முடியாமல் நகைக்கடை இல்லை. அதன் பின் நேரம் குறித்தவை, அதாவது மதிய வார்டு. பாரமானவையும் கெட்டுப்போகிறவையும் கடைசி; ஐஸ் இல்லாத மீனை மதியத்தில் வாங்கி ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வைத்துக்கொண்டு போக யாரும் விரும்பமாட்டார்கள்.

எஞ்சிய இரண்டு வேலைகளுக்கு, புத்தகத்துக்கும் பட்டிக்கும், நான் நேரமே குறிக்கவில்லை. இரண்டு கடைகளும் காலை ஒன்பது முதல் மாலை வரை திறந்திருக்கும், இரண்டும் கால் மணி வேலை. இப்படியானவற்றை எங்காவது காத்திருக்க நேர்ந்தால் அந்த இடைவெளியில் போட்டு நிரப்புவதற்காக விட்டு வைக்க வேண்டும். பட்டி வாங்கும் கடை பம்பிக் கடைக்கு அருகில், புத்தகக் கடை வங்கிக்கு அருகில் என்பது மட்டும் எழுதிக் கொடுத்தேன். லான்ட்மாஸ்டர் பட்டிக்கு மேல் எழுதியிருக்கும் எண் தேய்ந்துபோயிருந்ததால், பழைய பட்டியையே கழற்றிக் கொண்டுவரச் சொன்னேன். மாதிரி இல்லாமல் போய் அளவு மாறி வாங்கி வந்தால், அதற்காகவும் ஒரு நாள்.

நடந்தது

மூவரும் 8.15க்கு வந்து இறங்கினார்கள். அத்தான் பம்பியோடு ஓட்டோ பிடித்துக் குருமன்காட்டுப் பக்கம் போனார். அக்கா அம்மாவை வைத்தியசாலையில் விட்டு நம்பர் எடுத்துக் கொடுத்தார். பம்பிக் கடை 8.40க்குக் கதவைத் தூக்கும்போது அத்தான் வாசலில் நின்றார். அன்றைய முதல் வேலை அவருடையதானது. 9.15க்கு முன் அவர் அம்மாவின் பக்கத்தில் இருந்தார், துளிமருந்து விட்டது பத்து மணிக்குப் பிறகுதான்.

அக்கா வங்கி திறக்கும் ஒன்பது மணிக்கு அடகுப் பகுதியில் நின்றார். கனடாவிலிருந்து வரவேண்டிய பணம் முதல் நாளே கணக்கில் விழுந்துவிட்டதா என்று செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தார். அது இந்த நாளின் அத்திவாரம். பணம் வராத நாளில் வங்கிக்கும் நகைக்கடைக்கும் போவதில் பொருளே இல்லை. வட்டியோடு பணத்தைக் கட்டி முடிக்க 9.50 ஆனது. பொதி பெட்டகத்திலிருந்து வர நேரம் எடுக்கும் என்றார்கள். இங்கேதான் அவர் எழுந்து புத்தகக் கடைக்குப் போய்விட்டு வந்தார். திரும்பியபோது பெயர் கூப்பிடவில்லை. சங்கிலி கைக்கு வந்தது 10.50க்கு. நேரே நகைக்கடைக்கு நடந்து, 11.35க்குள் நிறை, கழிவு, கூலி எல்லாம் பேசிப் பற்றுச்சீட்டு வாங்கிவிட்டார். ராகு காலத்துக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. தங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரவுனில் சுற்றிய நேரம் பத்து நிமிடம்கூட இல்லை. அது திட்டத்தின் ஒரு நோக்கமாகவே இருந்தது: மீட்ட நகையோடு வார்டுக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் போகும்படி ஒரு வழியை நான் யாருக்கும் போடமாட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு வார்டு வாசலில் எல்லோரும் சேர்ந்தார்கள். கிளினிக் 11.45க்கு முடிந்து, மருந்து எடுக்கும் வரிசையில் அத்தான் நின்றிருந்தார். சித்தப்பாவைப் பார்த்துவிட்டு ஒரு மணிக்குச் சாப்பாடு. அதன் பின் கண் கூசும் அம்மாவை வெயிலில் இழுத்துக்கொண்டு திரிய வேண்டாம் என்று வைரவபுளியங்குளத்தில் ஒரு சொந்தக்கார வீட்டில் விட்டார்கள். ரவுனுக்கு நடுவில் இப்படி ஒரு வீடு இருப்பது வன்னிக்காரர்களுக்குப் பெரிய சொத்து. பைகளை வைக்கலாம், முகம் கழுவலாம், ஒருவரை உட்கார வைக்கலாம். அப்படி வீடு இல்லாதவர்கள் காலையில் வாங்கிய பாரத்தை நாள் முழுவதும் சுமப்பதால்தான் பாதி வேலைகளை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

பிற்பகலில் திட்டம் ஒரு இடத்தில் வழுக்கியது. 3.15க்கு அத்தான் போனபோது பம்பி கழற்றியபடி கிடந்தது. வேண்டிய அளவில் பெயரிங் கடையில் இல்லாமல், பையன் ஒருவன் கொறவப்பொத்தானை வீதிக்குப் போயிருந்தான். திருத்தும் கடைகளில் தாமதம் வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கை வேலை நேரம் சரியாக இருக்கும், உதிரிப்பாகம் கிடைக்கும் நேரம்தான் நழுவும். அத்தான் பட்டிக் கடைக்குப் போய்ப் பழைய பட்டியைக் காட்டிப் புதியதை வாங்கிக்கொண்டு வந்தார். பம்பி ஓடவிட்டுக் காட்டப்பட்டது 4.25க்கு. காலையில் 8.40க்குக் கொடுத்திருக்காவிட்டால் அது அந்த நாளில் முடிந்திருக்காது. பத்து மணிக்குக் கொடுத்திருந்தால்கூட, ஒரு மணி இருபது நிமிடம் தள்ளி 5.45க்கு முடிந்து, பஸ் போயிருக்கும். என் 10.00 என்ற எண்ணே தாராளமானது என்று இதிலிருந்து தெரிகிறது. உதிரிப்பாகம் தேட ஒரு மணி நேரத்தை நான் இப்போது அதில் சேர்த்துக்கொள்கிறேன்.

அக்கா 4.30 அளவில் மீனும் மரக்கறியும் வாங்கி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு 5.05க்கு பஸ் நிலையத்துக்கு வந்தார். பம்பியை ஆசனத்துக்குக் கீழே வைக்கக் கண்டக்டர் முதலில் சம்மதிக்கவில்லை. மீன் பைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

முளைத்து வந்த ஒன்பதாவது வேலை

கிளினிக்கில் அம்மாவுக்குப் புதிய கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டின்போது அத்தான் உடனே எனக்குத் தொலைபேசி எடுத்தார்: நேரம் இருக்கிறது, பக்கத்தில் கண்ணாடிக் கடையும் இருக்கிறது, இப்போதே கொடுத்துவிடவா? இடத்தையும் கடிகாரத்தையும் மட்டும் பார்த்தால் ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பாவை விரிந்த கண்ணோடு கண்ணாடியில் முகம் பார்த்துச் சட்டம் தெரிவு செய்வது எப்படி? கிட்டத்தில் உள்ளது மங்கலாக இருக்கும்போது, போட்டுப் பார்ப்பதில் சரி எது, பிழை எது என்று அம்மாவால் சொல்ல முடியாது. வேண்டாம் என்றேன்.

அதற்குப் பதிலாக ஒன்று செய்தோம். நகைக்கடைக்காரர் நகை தயாராகும் என்று ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொல்லியிருந்தார். செவ்வாயில் ராகு காலம் பிற்பகல் 3 முதல் 4.30 வரை என்பதால் காலை முழுவதும் திறந்திருக்கிறது. அக்கா கடைக்காரருக்குப் பேசி, நகையை எடுக்கும் அதே நாளில் கண்ணாடியும் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டார். திரும்பி வர வேண்டிய வேலைகள் இரண்டு கிடைத்தால், அவற்றின் நாள்களைக் கடைக்காரர்கள் தனித்தனியாகச் சொல்ல விடாமல் நாமே ஒன்றாக்கிக் கேட்க வேண்டும். பெரும்பாலானவர்கள் ஓரிரு நாள் தள்ளிப்போட மறுப்பதில்லை. அது போயா நாளா என்று கலண்டரில் பார்த்ததும், மகளுக்குப் பாடசாலை விடுமுறை அந்த வாரத்தில் வருவதும் தெரிந்தது. அதனால் முதலில் வெட்டிய அடையாள அட்டைப் படமும் அந்த நாளுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது: ஸ்ரூடியோ, நகைக்கடை, கண்ணாடிக் கடை மூன்றும் கடைத்தெருக் கட்டிலேயே. அத்தான் கடவுச்சீட்டையும் சேர்த்துவிடலாமா என்று மறுபடியும் கேட்டார். அதற்குத் தனி நாள்.